`1 4 7` வரவில்லையா? பாராமீட்டர் கேள்வியில் விடை பிசகும் இடங்கள்

புரோகிராமிங் மொழிகள் தாளில் அடிக்கடி வரும் சின்னக் கேள்வி இது. ஒரு ஃபங்ஷன், அதற்கு மூன்று பாராமீட்டர்கள். ஒன்று சாதாரணமாக இருக்கும், ஒன்றின் முன்னால் `&` இருக்கும், ஒன்றின் முன்னால் `*` இருக்கும். கடைசியில் என்ன அச்சாகும் என்று கேட்பார்கள். மாணவர்களோடு உட்கார்ந்து இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தவறான விடைகள் கண்டபடி வருவதில்லை. எந்த வரியில் சறுக்கினோமோ அதற்கேற்ற எண்தான் விடையாக வந்து நிற்கும். அதனால் எழுதிய எண்ணைப் பார்த்தே தவறு எந்த வரியில் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே அப்படித்தான் பிரித்திருக்கிறேன்: உங்களுக்கு வந்த விடை எதுவோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

கேள்வி இது, சி++ மொழியில்:

```cpp
void f(int a, int &b, int *c) {
    a = a + 1;      // 1
    b = b + a;      // 2
    *c = *c + b;    // 3
    c = &a;         // 4
    *c = *c + 10;   // 5
}

int main() {
    int x = 1, y = 2, z = 3;
    f(x, y, &z);
    cout << x << " " << y << " " << z;
}
```

சரியான விடை `1 4 7`.

## எந்த விடை வந்திருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது

தாளில் கட்டம் போடுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்த்து விடை எழுதுபவர்கள்தான் பெரும்பாலும் நான்காவது வரியில் வழுக்குகிறார்கள்.

`x`, `y`, `z` மூன்றுக்கும் மூன்று கட்டங்கள் போட்டு, உள்ளே 1, 2, 3 என்று எழுதுங்கள். இப்போது ஃபங்ஷனின் தலைப்பு வரியைப் பாருங்கள். `int a` என்றால் புதுக் கட்டம் ஒன்று போட்டு அதில் 1 எழுத வேண்டும். `int &b` என்றால் புதுக் கட்டம் கிடையாது. `y` கட்டத்தின் மேலேயே `b` என்று இன்னொரு பெயர் எழுத வேண்டும். `int *c` என்றால் மறுபடியும் புதுக் கட்டம், ஆனால் உள்ளே எண் எழுதாமல் அங்கிருந்து `z` கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போட வேண்டும்.

ஆக மொத்தம் ஐந்து கட்டங்கள். உங்கள் படத்தில் நான்குதான் இருக்கிறது என்றாலோ ஆறு இருக்கிறது என்றாலோ, மேற்கொண்டு கணக்குப் போடாதீர்கள். படத்தைத் திருத்திவிட்டுத் தொடருங்கள்.

## அறிகுறி: `1 2 7` வந்தது

இது எளிய தவறு. `y` மாறவே இல்லை, ஆனால் `z` சரியாக வந்திருக்கிறது. தலைப்பு வரியில் `b`க்கு முன்னால் இருந்த `&` கண்ணில் படவில்லை, அதனால் `b`க்குத் தனிக் கட்டம் போட்டுவிட்டீர்கள். அந்தத் தனிக் கட்டத்தில் 4 வந்தது, மூன்றாவது வரி அதை எடுத்துச் சரியாகக் கூட்டியது, ஆனால் `y` கட்டம் தொடப்படாமல் கிடக்கிறது. படத்தில் கட்டங்களை எண்ணினால் ஆறு இருக்கும்.

`&` கண்ணில் பட்டும் இப்படி வந்தது என்றால் காரணம் வேறு. இந்தக் கேள்வியில் `&` மூன்று இடங்களில் வருகிறது. `int &b` என்று ஒரு டைப்புக்குப் பக்கத்தில் வந்தால் அது ரெஃபரன்ஸ் அறிவிப்பு. `f(x, y, &z)` என்பதிலும் `c = &a` என்பதிலும் டைப் எதுவும் கூட இல்லை, ஏற்கெனவே இருக்கும் வேரியபிளுக்கு முன்னால் வருகிறது. அங்கே அது முகவரியை எடுக்கும் குறி. பக்கத்தில் `int` மாதிரி ஒரு டைப் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம். கேள்வித்தாளிலேயே பென்சிலால் வட்டமிட்டுக் கொள்வது நல்ல பழக்கம்.

## அறிகுறி: `1 2 3` அல்லது `1 4 3`

`1 2 3` எழுதியவர் மூன்றையும் கால் பை வேல்யூ என்று எடுத்துக்கொண்டார். `1 4 3` எழுதியவர் ரெஃபரன்ஸைச் சரியாகப் பிடித்துவிட்டார், பாயிண்டரில்தான் தவறு. அவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "பாயிண்டரும் காப்பியாகத்தானே போகிறது, அப்புறம் வெளியே எப்படி மாறும்?"

காப்பியாகப் போவது உண்மைதான். ஆனால் காப்பியாகப் போனது முகவரி. `c` கட்டத்தில் இருக்கும் அம்புக்குறி ஒரு நகல். அது காட்டும் இடமோ `z` என்ற அதே பழைய கட்டம்தான். `*c` என்று எழுதினால் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு போய் அந்தக் கட்டத்தில் எழுதுகிறோம். எனவே `*c = ...` என்று வரும் ஒவ்வொரு வரியிலும் பென்சிலை `c` கட்டத்தில் வைத்து, அம்புக்குறி வழியே நகர்த்தி, போய்ச் சேரும் கட்டத்தில் எழுதுங்கள்.

## அறிகுறி: `x` மாறிவிட்டது

இதில் இரண்டு எண்கள் வரும். இரண்டுக்கும் வேறு வேறு காரணம்.

### `12 4 7` வந்தால்

`a`க்குத் தனிக் கட்டம் போடாமல் `x` கட்டத்திலேயே எழுதியிருக்கிறீர்கள். முதல் வரியில் `x` 2 ஆகி, ஐந்தாவது வரியில் 12 ஆகிவிட்டது. படத்தில் நான்கு கட்டங்களே இருக்கும். ஒரு கட்டத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

### `11 4 7` வந்தால்

இது கொஞ்சம் ஆழமான தவறு. `a`க்குத் தனிக் கட்டம் போட்டிருக்கிறீர்கள், முதல் மூன்று வரிகளும் சரி. நான்காவது வரியில் `&a` என்று வந்ததும், "`a` என்பது `x`இலிருந்து வந்தது, அதனால் `a`வின் முகவரி என்றால் `x`இன் முகவரி" என்று அம்புக்குறியை `x`க்குத் திருப்பிவிட்டீர்கள். அங்கே இருந்த 1 உடன் 10 சேர்ந்து 11 ஆனது.

கால் பை வேல்யூவில் மதிப்பு மட்டும்தான் வந்து சேர்கிறது, அது எங்கிருந்து வந்தது என்ற தொடர்பு அங்கேயே அறுந்துவிடுகிறது. `f(x, y, &z)` என்பதற்குப் பதிலாக `f(1, y, &z)` என்று அழைத்திருந்தாலும் `a` கட்டத்தில் அதே 1தான் இருந்திருக்கும். அப்போது `&a` எதைக் காட்டும் என்று கேட்டுப் பாருங்கள். `a` கட்டத்தைத் தவிர வேறு வழியே இல்லை. `x` கொடுத்து அழைத்தாலும் அதுவேதான்.

## அறிகுறி: `z` 17 ஆகவோ 12 ஆகவோ வந்தது

மதிப்பெண் அதிகமாகப் போவது இங்கேதான். கேள்வி அமைப்பவர் நான்காவது வரியை வைத்திருப்பதே இதைச் சோதிக்கத்தான்.

### `1 4 17` வந்தால்

`c = &a` என்ற வரிக்கு எந்த விளைவும் இல்லை என்று விட்டுவிட்டீர்கள், அல்லது அவசரத்தில் தாண்டிவிட்டீர்கள். அம்புக்குறி இன்னும் `z` மேலேயே இருந்ததால் 7 உடன் 10 கூடியது. சரிபார்க்க எளிய வழி: நான்காவது வரி முடிந்ததும் படத்தில் பழைய அம்புக்குறியை அடித்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டிருக்க வேண்டும். அடித்த கோடு படத்தில் இல்லை என்றால் வரியைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

### `1 4 12` வந்தால்

இந்த எண்ணுக்கு வர இரண்டு பாதைகள் உண்டு. உங்கள் படிப்படியான கணக்கில் நடுவே `z = 2` என்று எங்காவது எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

எழுதியிருந்தால், `c = &a` என்பதை `*c = a` என்று படித்துவிட்டீர்கள். `a`வில் இருந்த 2 `z`க்குள் போய், அதன் மேல் 10 கூடி 12 ஆனது. நட்சத்திரம் இருக்கும் வரி, அம்புக்குறி காட்டும் கட்டத்தில் எழுதும். நட்சத்திரம் இல்லாத வரி, அம்புக்குறியையே மாற்றும். இடது பக்கத்தில் `*` இருக்கிறதா என்று வரிக்கு வரி பார்ப்பது ஒன்றே இதற்கு மருந்து.

`z = 2` எங்கும் இல்லை, கடைசியில்தான் 12 வந்தது என்றால் சிக்கல் வேறு. `c`யும் `z`உம் ஒன்று, `c` போகும் இடத்துக்கு `z`உம் கூடவே போகும் என்று நினைத்திருக்கிறீர்கள். அதாவது பாயிண்டரை ரெஃபரன்ஸ் மாதிரி நடத்திவிட்டீர்கள். `b`யும் `y`யும்தான் ஒரே கட்டத்தின் இரண்டு பெயர்கள். `c` தனக்கென்று கட்டம் உள்ள தனி வேரியபிள். அதன் அம்புக்குறியை எங்கே திருப்பினாலும் வெளியே யாருக்கும் தெரியாது.

இதை உறுதிப்படுத்திக்கொள்ள, நான்காவது வரியை `b = a;` என்று மாற்றி எழுதிப் பாருங்கள். அப்போது `b` என்ற பெயர் `a` கட்டத்துக்கு நகராது. சி++இல் ரெஃபரன்ஸ் ஒருமுறை ஒட்டிய கட்டத்தை விட்டுப் பெயராது. `a`வில் உள்ள 2 `y` கட்டத்துக்குள் போய் விழும், அவ்வளவுதான். பாயிண்டருக்கு `=` போட்டால் அம்புக்குறி திரும்புகிறது, ரெஃபரன்ஸுக்கு `=` போட்டால் மதிப்பு மாறுகிறது. இந்த ஒரு வேறுபாடு கையில் இருந்தால் இந்தப் பகுதியில் யாரும் தடுமாற மாட்டார்கள்.

இதே நோய் இன்னொரு உருவத்திலும் வரும்:

```c
void swap(int *p, int *q) {
    int *t = p;
    p = q;
    q = t;
}
```

`swap(&x, &y)` என்று அழைத்தால் `x`, `y` இரண்டும் அப்படியே இருக்கும். இடம் மாறியவை `p`, `q` என்ற உள்ளூர் அம்புக்குறிகள் மட்டுமே. மூன்று வரிகளிலும் இடது பக்கத்தில் எழுதப்படும் இடத்துக்கு நட்சத்திரம் இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் வரியில் `int *t` என்று இருப்பது அறிவிப்பு. அங்கே நட்சத்திரம் டைப்பின் பகுதி, அம்புக்குறியைப் பின்தொடரும் நட்சத்திரம் அல்ல.

## அறிகுறி: `f(x, x, &x)` என்று கேட்டதும் குழப்பம்

கேள்வியின் இரண்டாம் பகுதியாக இது வரும். ஃபங்ஷன் அதே, `x = 1`. கடைசியில் `x` எவ்வளவு? விடை 6.

இங்கே கட்டங்கள் மூன்றுதான்: `x` (இதற்கே `b` என்றும் பெயர்), தனியாக `a`, தனியாக `c`. `c`யின் அம்புக்குறி `x` மேல் நிற்கிறது. முதல் வரியில் `a` 2 ஆகிறது, `x` இன்னும் 1. இரண்டாவது வரியில் 1 + 2, அதாவது `x` 3. மூன்றாவது வரியில் `*c`யும் `b`யும் ஒரே கட்டம், இரண்டிலும் 3 இருக்கிறது. எனவே `x` 6. அப்புறம் அம்புக்குறி `a`க்குப் போய்விடுவதால் `a` 12 ஆகிறது, `x` 6 ஆகவே நிற்கிறது.

உங்களுக்கு 18 வந்திருந்தால் `a`வையும் `x` கட்டத்தோடு சேர்த்துவிட்டீர்கள். 16 வந்திருந்தால் நான்காவது வரியைத் தாண்டிவிட்டீர்கள். 3 அல்லது 4 வந்திருந்தால் `b`க்கும் `*c`க்கும் தனித்தனியாக 1 வைத்துத் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இதைத்தான் கவனித்துத் திருத்த வேண்டும். ஒரு பெயர் வழியாக எழுதியதும் அந்தக் கட்டத்தைத் தொடும் மற்றப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் புது மதிப்புதான் தெரியும். பெயர்களுக்கு ஒரு நெடுவரிசை என்று அட்டவணை போடுபவர்களுக்கு இந்தத் தவறு அதிகம் வரும். கட்டத்துக்கு ஒரு நெடுவரிசை என்று போடுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது கணினியிடமே கேட்டுவிடலாம். `main`இல் `&x`ஐ அச்சிட்டுவிட்டு, `f`இன் முதல் வரியாக இதைச் சேருங்கள்:

```cpp
cout << &a << " " << &b << " " << c << " " << &c << endl;
```

`&b`யும் `c`யும் `main`இல் வந்த `&x`உம் ஒரே முகவரியாக வரும். `&a`வும் `&c`யும் வேறாக வரும். நான்காவது வரிக்குப் பிறகு இதைப் போட்டால் `c`யும் `&a`வும் ஒன்றாகிவிடும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: எழுதி ஓட்டினால் கம்பைல் ஆகவில்லை

கோப்பை `.c` என்று சேமித்திருந்தால் `int &b` என்ற இடத்திலேயே நின்றுவிடும், சி மொழியில் ரெஃபரன்ஸ் கிடையாது. `.cpp` என்று மாற்றுங்கள். அப்படியும் `cout` தெரியவில்லை என்றால் மேலே `#include <iostream>`, `using namespace std;` இரண்டையும் சேர்க்க வேண்டும். கேள்வித்தாளில் இடம் மிச்சம் பிடிக்க இவற்றை விட்டுவிடுவார்கள். `f(x, 5, &z)` என்று அழைத்தால் ஜிசிசி `cannot bind non-const lvalue reference of type 'int&'` என்று தொடங்கி மறுக்கும். பெயர் ஒட்டுவதற்கு ஒரு வேரியபிள் வேண்டும், வெறும் 5 போதாது. "எந்த அழைப்பு செல்லாது?" என்று தேர்வில் கேட்டால் இதுதான் விடை.

## அறிகுறி: எண் சரி, விளக்கத்தில் மதிப்பெண் போய்விட்டது

"சி மொழியில் பாயிண்டர் கொடுப்பது கால் பை ரெஃபரன்ஸ்" என்று எழுதியிருப்பீர்கள். பல குறிப்புப் புத்தகங்களில் இப்படித்தான் இருக்கிறது, அதனால் மாணவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் புரோகிராமிங் மொழிகள் தாளில் இதை ஏற்க மாட்டார்கள், ஏற்காததும் சரிதான். சி மொழியில் எல்லா ஆர்கியுமெண்டும் கால் பை வேல்யூவாகத்தான் போகிறது. பாயிண்டர் கொடுத்தால் முகவரி என்ற மதிப்பு போகிறது.

சான்று நம் கேள்வியிலேயே இருக்கிறது. `c = &a` என்று எழுதிய பிறகும் அழைத்தவர் பக்கத்தில் எதுவும் மாறவில்லை. `c` உண்மையிலேயே கால் பை ரெஃபரன்ஸாக வந்திருந்தால் அந்த மாற்றம் வெளியே தெரிந்திருக்க வேண்டும். இப்படி எழுதினால் போதும்: "பாயிண்டர் மதிப்பாகவே அனுப்பப்படுகிறது. `*c` வழியாக எழுதுவதால் ரெஃபரன்ஸின் விளைவு கிடைக்கிறது. `c`க்கே புது மதிப்பு கொடுத்தால் அழைத்தவருக்கு அது தெரியாது."

ஜாவா பற்றிக் கேட்டாலும் இதே அமைப்புதான். அங்கே ஆப்ஜெக்டைக் காட்டும் ரெஃபரன்ஸ் மதிப்பாகப் போகிறது. அந்த ஆப்ஜெக்டின் உள்ளே இருப்பதை மாற்றினால் வெளியே தெரியும், பாராமீட்டருக்கே வேறு ஆப்ஜெக்டைக் கொடுத்தால் தெரியாது.

## எப்போது ஆசிரியரிடம் கேட்க வேண்டும்

சில கேள்விகளில் எத்தனை முறை கட்டம் போட்டாலும் ஒரே விடை வராது. அங்கே தவறு உங்களுடையது அல்ல, கேள்வியில் ஒரு தகவல் குறைகிறது.

கேள்வி "கால் பை வேல்யூ ரிசல்ட்" என்று சொல்லி ஒரே வேரியபிளை இரண்டு இடத்தில் கொடுத்திருந்தால் கவனமாக இருங்கள். இந்த முறையில் உள்ளே போகும்போது நகல் எடுத்து, முடிந்ததும் திருப்பி எழுதுவார்கள்.

```
g(m, n):
    m = m + 1
    n = n + m

x = 1
g(x, x)
```

கால் பை வேல்யூ என்றால் `x` 1. கால் பை ரெஃபரன்ஸ் என்றால் முதலில் 2, பிறகு 2 + 2, ஆக 4. வேல்யூ ரிசல்ட்டில் `m` 2, `n` 1 + 2 = 3 என்று முடியும். இப்போது திருப்பி எழுத வேண்டும். இடமிருந்து வலமாக எழுதினால் கடைசியாக `n` எழுதப்பட்டு `x` 3 ஆகும். வலமிருந்து இடமாக எழுதினால் 2. வரிசையைக் கேள்வி சொல்லவில்லை என்றால் தேர்வறையில் மேற்பார்வையாளர் மூலம் கேளுங்கள். கேட்க முடியாத நிலையில் "இடமிருந்து வலமாகத் திருப்பி எழுதப்படுகிறது என்று கொண்டு, 3" என்று அனுமானத்தோடு எழுதுங்கள்.

இரண்டு பாராமீட்டரும் சாதாரண `int` ஆக உள்ள ஒரு ஃபங்ஷனை `h(i++, i)` என்று அழைப்பதும் இதே ரகம். சியிலும் சி++இலும் ஆர்கியுமெண்டுகளை எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று மொழி கட்டாயப்படுத்துவதில்லை. ஒரு கம்பைலரில் வந்த விடையை இன்னொன்றில் எதிர்பார்க்க முடியாது. அதேபோல் எந்த முகவரியும் கொடுக்காத பாயிண்டருக்கு `*p = 5` என்று எழுதியிருந்தாலோ, ஃபங்ஷன் தன் உள்ளூர் வேரியபிளின் முகவரியைத் திருப்பிக் கொடுத்து அதை வெளியே பயன்படுத்தினாலோ, உங்கள் கணினியில் ஏதோ ஓர் எண் வந்தது என்பதற்காக அதை விடை என்று நம்ப வேண்டாம். அந்த நிரலை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போய், இந்த வரியின் நடத்தையை மொழி வரையறுக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள்.